கையெழுத்துக்கு முன் கால் மணி நேரம்

55 அங்குல டிவிப் பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்த கையோடு டெலிவரிக்காரர் ஒரு சீட்டை நீட்டுவார். அல்லது, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்பார். சீட்டில் பொருளின் பெயரும் பில் எண்ணும் இருக்கும். அடியில் பொடி எழுத்தில், பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக ஒரு வரியும் இருக்கும். கீழே வண்டி நிற்கிறது, இன்னும் பல வீடுகள் பாக்கி என்று அவர் அவசரப்படுத்துவார். வாங்கியவரும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவார். பெட்டியே இன்னும் பிரிக்கப்படவில்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறுத்துவதில்லை.

மறுநாள் கம்பெனி டெக்னீஷியன் வந்து பெட்டியைத் திறந்து, சுவரில் துளை போட்டு, டிவியை மாட்டி, சுவிட்சைத் தட்டும்போதுதான் திரையின் ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலை போல விரிசல் ஓடியிருப்பது தெரிகிறது. கடையில் கேட்டால், நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறதே என்பார்கள். கம்பெனியில் கேட்டால், உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது என்பார்கள். பேனலை மட்டும் மாற்றலாம் என்று விலை விசாரித்தால், பல மாடல்களில் அது புது டிவியின் விலையை நெருங்கும். டெக்னீஷியனோ, "நான் திறக்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும் சார்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூவரில் யார் சொல்வது சரி என்று நிரூபிக்க வீட்டுக்காரர் கையில் எதுவும் இருக்காது.

இந்தச் சிக்கல் முழுக்க வரிசை மாறியதால் வருவது. திரையை எரியவிட்டுப் பார்ப்பது முதலில் நடக்க வேண்டும், சுவரில் மாட்டுவது அதற்கப்புறம், கையெழுத்து கடைசியில். நடைமுறையில் பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

எரியவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா, கண்ணால் பார்த்தால் போதாதா? போதாது. எல்சிடி, எல்இடி என்று விற்கப்படும் டிவிகளின் திரைக்குள்ளே இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிய மாதிரி நிற்கின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். நடுவில் திரவப் படிகம் என்ற பொருள் மெல்லிய படலமாக அடைபட்டிருக்கிறது. 55 அங்குல டிவியில் இந்தக் கண்ணாடி நான்கடி அகலத்துக்கும் இரண்டேகால் அடி உயரத்துக்கும் விரிந்திருக்கிறது. இதன் முன்னால் நாம் தொட்டுப் பார்ப்பது பிளாஸ்டிக் படலத்தை. பெட்டியின் ஒரு மூலை லாரியின் பக்கப் பலகையில் இடித்தாலும், ஆட்டோவில் படுக்கப் போட்டுக் கொண்டுவரும்போது மேலே வேறு சாமான் அழுத்தினாலும், உள்ளிருக்கும் கண்ணாடி கீறிவிடும். மேலே உள்ள படலம் அப்படியே முழுசாக இருக்கும். மின்சாரம் இல்லாத திரை கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு எந்தக் குறையையும் காட்டாது. செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சில விரிசல்கள் மினுங்கித் தெரியும். ஆனால் எல்லாமே தெரியும் என்று நம்ப முடியாது. ஓஎல்இடி டிவிகள் இன்னும் மெலிசு. அவற்றில் எச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும்.

பெட்டி வாசலுக்கு வந்ததுமே சோதனை தொடங்கிவிடுகிறது. பெரிய டிவிப் பெட்டிகளை நிமிர்த்தி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். மேல்நோக்கிய அம்புக்குறிகள் அதற்காகவே அச்சிடப்பட்டிருக்கின்றன. சில பெட்டிகளில் அதிர்ச்சியைக் காட்டும் சின்ன ஒட்டி இருக்கும். பலமான அடி விழுந்தால் அதன் நடுவிலுள்ள குழாய் சிவந்துவிடும். அது சிவந்திருந்தால் உள்ளே கட்டாயம் உடைந்திருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் திறந்து பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று அர்த்தம். மூலைகள் நசுங்கியிருக்கிறதா, ஒட்டுநாடாவின் மேல் இன்னொரு ஒட்டுநாடா இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

இந்த இடத்தில் ஓர் இடக்கு இருக்கிறது. பெட்டியின் மேலேயே பல கம்பெனிகள், தங்கள் டெக்னீஷியன் வரும்வரை பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கின்றன. டெலிவரிக்காரரோ இப்போதே கையெழுத்து வேண்டும் என்கிறார். டெக்னீஷியன் வருவது நாளைக்கு. ஆக, பார்க்காத பொருளை நல்ல நிலையில் இருப்பதாக ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆன்லைனில் வாங்குகிறவர்கள், அந்தத் தளத்தில் டெலிவரிக்காரர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து பார்க்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கடையில் வாங்குகிறவர்கள், டெலிவரியும் மாட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று பில் போடும்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கடைகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இரண்டும் கூடிவராவிட்டால், சீட்டில் கையெழுத்துக்கு மேலே "பெட்டி பிரிக்கப்படவில்லை, டிவி இயக்கிப் பார்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டு, அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்வதுதான் மிச்சமிருக்கும் வழி. ஐந்தாறு சொற்கள்தான். ஆனால் நல்ல நிலையில் பெற்றதாகச் சொல்லும் அச்சு வரிக்கு அவை நேரடியான பதிலாக நிற்கும்.

ஓடிபி சொல்லச் சொன்னால் இந்த வசதியும் இல்லை. ஓடிபி என்பதும் ஒரு கையெழுத்துதான். குறிப்பெழுத ஓரம் இல்லாத கையெழுத்து. அதனால் எண்ணைச் சொல்வதற்கு முன்னால், பிரிக்காத பெட்டியையும் அதன் ஒட்டியையும் காட்டும் ஒரு சிறு வீடியோவாவது செல்போனில் இருக்க வேண்டும்.

இனி டெக்னீஷியன் வந்த பிறகு நடப்பதற்கு வருவோம். மதுரையில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட் கிடையாது. முந்தைய நாள் இரண்டு பேர் படியில் தூக்கிக்கொண்டு வந்து வைத்த பெட்டி சுவரோரம் நிற்கிறது. சீட்டில் வீட்டுக்கார அம்மாள் அந்தக் குறிப்பை எழுதித்தான் கொடுத்திருக்கிறார். டெக்னீஷியன் உள்ளே வந்ததும் முதலில் கேட்பது, "எந்தச் சுவர்லக்கா மாட்டணும்?" என்று. கையில் டிரில் ஏற்கெனவே வந்துவிட்டது. அவர் கேட்பதில் தப்பில்லை. ஒரு நாளைக்கு அவருக்கு இத்தனை வீடு என்று கணக்கு. "சுவரை அப்புறம் பாக்கலாம் தம்பி, முதல்ல டிவியை எரியவிட்டுக் காட்டுங்க" என்கிறார் இவர். செல்போனை மகன் கையில் கொடுத்து, பெட்டியின் ஒட்டியிலிருந்தே வீடியோ எடுக்கச் சொல்கிறார்.

ஒட்டியில் பார்க்க வேண்டியவை சில. மாடல் எண், சீரியல் எண், தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச விலை. கடைசி இரண்டையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. மாடல் எண்ணை ஓர் எழுத்து விடாமல் பில்லோடு ஒப்பிட வேண்டும். முதல் ஏழெட்டு எழுத்துகள் ஒன்றாகவே இருந்து, கடைசி எழுத்து மட்டும் மாறினால்கூட அது வேறு வருடத்து மாடலாகவோ வேறு ரகமாகவோ இருக்கக்கூடும். சீரியல் எண் மூன்று இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: பெட்டியில், டிவியின் முதுகில், பில்லில். டிவி ஓடத் தொடங்கியதும் செட்டிங்ஸில் About என்ற பக்கத்தில் நான்காவது முறையாகவும் சரிபார்த்துக்கொள்ளலாம். வாரண்டி கிடைப்பது இந்த எண்ணுக்குத்தான், டிவிக்கு என்றுகூடச் சொல்ல முடியாது.

அடுத்தது திறப்பது. இப்போது வரும் பெரிய பெட்டிகளில் பலவற்றைக் கிடத்தத் தேவையில்லை. அடியில் நான்கு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு அட்டையை மேலே உருவினால், டிவி தெர்மாகோல் அடித்தளத்தில் நின்ற நிலையிலேயே வெளிப்படும். சுவரில் மாட்டுவதற்கு முன் டிவியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பின்பக்கத்தை ஒருவர் லேசாகத் தாங்கிக்கொள்ள, மின்கம்பியைச் செருகி அங்கேயே எரியவிடலாம். "மாட்டிட்டு ஆன் பண்ணலாம்" என்று டெக்னீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. மாட்டிய பிறகு விரிசல் தெரிந்தால் அது லாரியில் நடந்ததா, படியில் நடந்ததா, மாட்டும்போது நடந்ததா என்று சொல்லவே முடியாது. தெர்மாகோலில் நிற்கும்போதே தெரிந்தால் டெக்னீஷியனுக்கும் அது பாதுகாப்பு. அவர் கை படுவதற்கு முன்பே உடைந்திருந்தது என்பதற்கு வீடியோ சாட்சி. இதைச் சொன்னால் பெரும்பாலான டெக்னீஷியன்கள் சட்டென்று ஒத்துக்கொள்வார்கள்.

மதுரை வீட்டில் டிவி எரிகிறது. வலது மேல் மூலைக்குச் சற்றுக் கீழே ஒரு கறுப்புத் திட்டு. அதிலிருந்து நாலைந்து கோடுகள் வெவ்வேறு திசையில் கிளம்புகின்றன. ஒரு கோட்டின் ஓரமாகத் திரை மேலிருந்து கீழ்வரை வண்ண வண்ணமாகக் கோடிட்டிருக்கிறது. "பேனல் போச்சுக்கா" என்கிறார் டெக்னீஷியன்.

இந்த ஒரு வாக்கியத்தோடு அவரை விட்டுவிடக் கூடாது. பேனல் எப்படிப் போயிருக்கிறது என்பதில்தான் பணம் இருக்கிறது. கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்து, அங்கிருந்து பரவினால் அது அடிபட்ட விரிசல். அந்தப் புள்ளிதான் அடி விழுந்த இடம். கம்பெனி இதை வெளிச்சேதம் என்று குறிக்கும், வாரண்டியில் சேர்க்காது. மாறாக, விரிசல் எதுவும் இல்லாமல், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே ஒரு செங்குத்துக் கோடு நின்றாலோ, திரையில் பாதி மட்டும் இருண்டு கிடந்தாலோ, அது பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய இணைப்பு நாடாக்களில் வந்த கோளாறு. இது தயாரிப்புக் குறை, வாரண்டியில் வரும். வெளிச்சம் மட்டும் ஒரு பட்டையாகக் குறைந்து, படம் ஒழுங்காக இருந்தால் பின்னாலிருக்கும் எல்இடி பட்டையில் ஒன்று எரியவில்லை என்று பொருள். சத்தம் வருகிறது, திரை இருட்டு; டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் அசைவது தெரிகிறது என்றால் பின்விளக்கு மொத்தமாக எரியவில்லை. இவையும் வாரண்டியில் வருபவை. டெக்னீஷியன் தன் செல்போனில் எந்தக் கட்டத்தை டிக் செய்கிறார் என்பதை எட்டிப் பார்ப்பது அநாகரிகம் ஆகாது.

மதுரை வீட்டு டிவியில் இருப்பது அடிபட்ட விரிசல். அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. வாரண்டி இல்லை என்பது கம்பெனி சொல்லும் பதில். உடைந்த பொருளைக் கொண்டுவந்து கொடுத்தது விற்றவரின் பொறுப்பு. கேள்வி அவரிடம் போக வேண்டும். அங்கே உதவுவது தெர்மாகோல். வலது மேல் மூலைத் தெர்மாகோலை எடுத்துப் பார்த்தால் அதே உயரத்தில் அதுவும் வெடித்திருக்கிறது. அட்டைப் பெட்டியில் அதே இடத்தில் ஒரு சொட்டை. திரையிலுள்ள புள்ளி, தெர்மாகோல், அட்டை மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்தால், வெளியிலிருந்து பெட்டியோடு சேர்த்து விழுந்த அடி என்பது விளங்கிவிடும். மூன்றையும் சேர்த்து வைத்து எடுக்கும் ஒரு போட்டோ, பத்து போன் அழைப்புகளுக்குச் சமம். பெட்டியையும் தெர்மாகோலையும் மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் போடுகிறவர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு தீரும்வரை அதைத் தள்ளிப்போடலாம்.

திரை முழுசாக இருக்கிறது என்றால் அடுத்த ஐந்து நிமிடம் வேறு விஷயங்களுக்கு. புது டிவி முதல் முறை ஓடும்போது மொழி, நாடு, வைஃபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வரும். எதையும் கேட்காமல் நேரே முகப்புப் பக்கத்துக்குப் போனாலோ, வேறு யாருடைய கணக்கோ காட்டினாலோ, அது கடையில் காட்சிக்கு நின்ற டிவியாகவோ திரும்பி வந்த டிவியாகவோ இருக்கலாம். கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. தொடக்கக் கேள்விகளில் ஒன்று, வீட்டில் பயன்படுத்துவதா, கடையில் வைப்பதா என்று. அவசரத்தில் கடை என்று தட்டிவிட்டால் டிவி விளம்பரப் பட்டைகளைக் காட்டிக்கொண்டு, நாம் மாற்றும் வெளிச்ச அளவைச் சற்று நேரத்தில் தானே பழையபடி ஏற்றிவிடும். இப்படி மாட்டிக்கொண்டு, டிவியில் கோளாறு என்று புகார் செய்கிறவர்கள் உண்டு. செட்டிங்ஸில் Home என்று மாற்றினால் சரியாகிவிடும்.

பிறகு புள்ளிச் சோதனை. 4கே திரையில் 3840 வரிசைக்கு 2160 என்று சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு கட்டங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒற்றை நிறப் படங்களை ஒரு பென் டிரைவில் முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டால் வேலை சுலபம். சில டிவிகளில் Picture Test என்ற சோதனை மெனுவிலேயே இருக்கிறது. வெள்ளைத் திரையில் கறுப்பாக நிற்கும் புள்ளி செத்த புள்ளி. கறுப்புத் திரையில் மின்மினிபோல எரிந்துகொண்டே இருப்பது அணைய மறுக்கும் புள்ளி. இரண்டாவதுதான் அதிக எரிச்சல் தருவது. இரவில் படம் பார்க்கும்போது கண் அங்கேயே போகும்.

ஆனால் இதில் ஓர் எல்லை உண்டு. ஒன்றிரண்டு புள்ளிகளைக் குறையாக ஏற்பதில்லை என்று பெரும்பாலான கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஓரத்தில் இருக்கும் ஒரு கறுப்புப் புள்ளிக்காகச் சண்டைக்குப் போவதில் பலன் இருக்காது. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் அது தெரியவும் தெரியாது. நடுத்திரையில் எரியும் புள்ளி என்றால் கதை வேறு. அதை இன்றே ரிப்போர்ட்டில் எழுத வைத்து, விற்றவரின் மாற்றித் தரும் கெடுவுக்குள் கேட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள்.

சாம்பல் படம் எதற்கு என்றால், அழுக்குத் திரை என்று சொல்லப்படும் குறையைக் கண்டுபிடிக்க. வெள்ளையிலும் கறுப்பிலும் ஒழுங்காகத் தெரியும் திரை, சாம்பலில் திட்டுத்திட்டாக, ஈரத்துணியால் துடைத்து விட்ட மாதிரி தெரியும். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது முக்கியம். கேமரா மைதானத்தின் மேல் நகரும்போது பச்சைப் புல்லில் நிழல் கோடுகள் கூடவே நகரும். கொஞ்சம் திட்டு எல்லா எல்இடி டிவியிலும் இருக்கும். உட்காரும் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறதா என்பதே அளவுகோல். கறுப்புப் படத்தை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்க வேண்டும். மூலைகளில் வெளிச்சம் கசிவது தெரியும். லேசாக இருந்தால் இயல்பு, ஒரு மூலையில் மட்டும் டார்ச் அடித்ததுபோல இருந்தால் குறை. அந்தக் கறுப்புத் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது மாட்டிய பிறகு வரும்.

இப்போதுதான் டிரில். டிவியின் முதுகில் மவுண்ட் பட்டைகளைப் பொருத்த, அதை முகம் குப்புறப் படுக்க வைப்பார்கள். பெரும்பாலும் கட்டிலில். போர்வைக்கு அடியில் ஒரு ரிமோட்டோ சாவிக்கொத்தோ கிடந்தால் போதும், இதுவரை தப்பித்த பேனல் அங்கே முடிந்துவிடும். படுக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, டிவியோடு வந்த நுரைத்தாளை விரித்த பிறகே கிடத்தச் சொல்ல வேண்டும். தூக்குவது இரண்டு பேராக. பிடி கீழ் ஓரத்திலும் பக்கச் சட்டத்திலும் மட்டும். திரைமேல் கட்டைவிரல் அழுந்தும் பிடி கூடவே கூடாது. மவுண்டோடு ஒரு பொட்டலம் நிறைய விதவிதமான நீளத்தில் திருகுகள் வரும். அளவுக்கு மீறிய நீளத் திருகை முறுக்கினால் அதன் நுனி உள்ளே போய்க் குத்தும். கையால் சுழற்றும்போதே சட்டென்று இறுகி, பட்டை இன்னும் ஆடினால் திருகு நீளம். அதற்கென்று வரும் பிளாஸ்டிக் வளையத்தைக் கோக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் முறுக்கித் தள்ளக் கூடாது.

சுவரில் துளை போடும்போது கொட்டும் தூளைப் பார்த்தால் நிறைய தெரியும். முதலில் சிமெண்ட் நிறத்தில் வருவது பூச்சு. பிறகு சிவப்பாக மாறினால் டிரில் செங்கல்லுக்குள் போய்விட்டது. பிளக் அங்கே பிடித்துக்கொள்ளும். செங்கல் சுவரில் கடைசிவரை சிமெண்ட் தூளே வந்து, துளையும் ஆழமில்லாமல் நின்றால், பிளக் பூச்சில் மட்டும் தொங்கப் போகிறது. 55 அங்குல டிவியின் எடை பதினைந்து கிலோ அளவில் இருக்கும். பூச்சை நம்பி அதை விட முடியாது. வெளிர் சாம்பலாக மாவுபோலக் கொட்டி, டிரில் தடையே இல்லாமல் உள்ளே போனால் அது இப்போதைய அடுக்குமாடிகளில் கட்டும் இலகு கல். சாதாரண பிளக் அதில் நாளடைவில் தளர்ந்துவிடும்; அதற்கென்று தனி ஆங்கர் இருக்கிறது. டெக்னீஷியனிடம் இல்லையென்றால் ஹார்டுவேர் கடைக்கு ஒருவரை அனுப்புவது மேல். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போட விடக் கூடாது, ஒயர் போகும் வழி பெரும்பாலும் அதுதான். உயரத்தையும் நாமே சொல்ல வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் திரையின் நடு வர வேண்டும். அது தரையிலிருந்து சுமாராக மூன்றரை அடி. பழைய ஷோகேஸுக்கு மேலே, பல்லி உட்காரும் உயரத்தில் மாட்டிவிட்டுப் போகிற வழக்கம் ஏன் இன்னும் நீடிக்கிறது என்று தெரியவில்லை.

மாட்டி முடித்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்புப் படத்தை மறுபடி போட வேண்டும். முன்பு எடுத்த போட்டோவில் இல்லாத வெளிச்சக் கசிவு மூலையில் புதிதாக வந்திருந்தால், மவுண்ட் திருகுகள் அளவுக்கு மீறி இறுகிச் சட்டத்தை முறுக்கியிருக்கலாம். சற்றுத் தளர்த்தினால் பல சமயம் போய்விடும். போகவில்லை என்றால் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

பின்பக்கத்து ஓட்டைகளையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ கேபிளை ஒவ்வொரு ஓட்டையிலும் மாற்றிச் செருகிப் படம் வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். மாட்டிய பிறகு அந்த ஓட்டைகளுக்குக் கை போகிறதா என்பதும் இப்போதே தெரிந்துவிடும். ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றினால் மவுண்டோ பின்மூடியோ கிடுகிடுப்பது கேட்கும்.

இந்தக் கட்டத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தவறான புகாரும் கிளம்பும். அரசு கேபிளின் பழைய எஸ்டி பாக்ஸை இணைத்துவிட்டு, "பழைய டிவியிலயே நல்லா இருந்துச்சே, இது கலங்கலா இருக்கே" என்பார்கள். எஸ்டி படத்தில் இருப்பது 720-க்கு 576, அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். 4கே டிவி அதை இருபது மடங்காக இழுத்து நிரப்புகிறது. அதில் டிவியின் தவறு ஒன்றுமில்லை. டிவியின் தரத்தைப் பார்க்க வேண்டுமானால் வைஃபை வழியாக யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓட்டிப் பார்க்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் செருகும் துளைகள் புது டிவிகள் பலவற்றில் இல்லை; அதற்கான அடாப்டர் பெட்டியில் இருக்கிறதா என்று டெக்னீஷியன் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

மவுண்டுக்கும் கேபிளுக்கும் அவர் காசு கேட்டால், மாட்டுவது இலவசம் என்று பில்லில் இருப்பது எதுவரை என்று பார்க்க வேண்டும். மவுண்ட் தனி விலை என்பது பல கம்பெனிகளில் உண்மைதான். விலையை டிரில் எடுப்பதற்கு முன்பே கேட்டு, ரசீதோடு வாங்கிக்கொண்டால் தகராறு இல்லை.

கடைசியாகக் காகிதம். டெக்னீஷியன் நீட்டும் ரிப்போர்ட்டில் சீரியல் எண், தேதி, செய்த வேலை ஆகியவை இருக்கும். பல கம்பெனிகளில் இதற்கும் ஒரு ஓடிபி உண்டு. அது போனால் வேலை திருப்தியாக முடிந்தது என்று பதிவாகிவிடும். குறை இருந்தால் அதை இடத்தோடும் அளவோடும் எழுத வேண்டும். "டிவி சரியில்லை" என்று எழுதினால் எதற்கும் உதவாது. "மாலை 5.40-க்குத் தெர்மாகோலில் வைத்தே இயக்கிப் பார்த்தபோது வலது மேல் மூலையில் விரிசல், சுவரில் மாட்டப்படவில்லை" என்று எழுதினால் அது பேசும். டெக்னீஷியன் பெயரும் வேலை எண்ணும் அதே தாளில் இருக்க வேண்டும். ஓடிபி மட்டும்தான் என்றால் எண்ணைக் கொடுக்காமல், குறையோடு வேலையை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.

மதுரை வீட்டு அம்மாள் கேட்டு வாங்க வேண்டியது டிஓஏ ரிப்போர்ட். வரும்போதே பழுதான பொருள் என்று கம்பெனி டெக்னீஷியன் எழுதித் தரும் சான்று அது. மாற்றித் தர கடைகளும் ஆன்லைன் விற்பனையாளர்களும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அடிபட்ட விரிசலுக்கு டிஓஏ தர மாட்டேன் என்று டெக்னீஷியன் சொன்னால், பிரிக்கும்போதே விரிசல் இருந்தது என்ற ஒரு வாக்கியத்தையாவது ரிப்போர்ட்டில் எழுதி வாங்க வேண்டும். புகாரை அன்றைக்கே விற்றவரிடம் எழுத்தில், வீடியோவும் போட்டோக்களும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெளிச்சேதத்தைச் சொல்வதற்கு விற்பனையாளர்கள் வைக்கும் கெடு மிகக் குறுகியதாக இருக்கக்கூடும், பில்லின் பின்பக்கத்தில் அது இருக்கும். ஆன்லைனில் வாங்கியது என்றால், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கடையோ தளமோ இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

மாற்று டிவி வந்தால் அதன் சீரியல் எண் வேறு. பழைய பில்லையே வைத்துக்கொள்ளச் சொன்னால் கேட்கக் கூடாது. புது எண்ணோடு திருத்திய பில்லைக் கேட்டு வாங்கி, கம்பெனியின் வாரண்டிப் பதிவிலும் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியையும் தெர்மாகோலில் நிற்க வைத்துத்தான் முதலில் எரியவிட வேண்டும்.